மாதச் சம்பளமா, வகுப்புக் கணக்கா? டியூஷன் கட்டணச் சீட்டு எழுதும் இரண்டு வழிகள்

சத்துவாச்சாரியில் வீடுகளுக்குப் போய்ப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடம் நடத்துகிறேன். வாரம் மூன்று நாள். முதல் சில வருடங்கள் மாதச் சம்பளமாக 3,600 ரூபாய் வாங்கினேன். இப்போது வகுப்புக்கு 300 ரூபாய் என்று வைத்து, மாதக் கடைசியில் வாட்ஸ்அப்பில் கணக்குச் சீட்டு அனுப்புகிறேன். திரும்பிப் போகிற எண்ணம் இல்லை.

மாதச் சம்பளத்தின் வசதியை மறுக்க முடியாது. ஐந்தாம் தேதிக்குள் ஒரே தொகை வந்துவிடும், சீட்டே தேவையில்லை. பெற்றோருக்கும் அது பழகிய முறை.

வகுப்பு விடுபடும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. பணத்தைக் கழிக்காமல், "அப்புறம் ஒரு நாள் எடுத்துவிடுகிறேன்" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு நாள் கடனாக அடுத்த மாதத்துக்குத் தாவும். நவம்பரில் ஒன்று, டிசம்பரில் இரண்டு என்று சேர்ந்து, பொதுத் தேர்வு நெருங்கும் பிப்ரவரியில் ஒரு வீட்டில், "சார், இன்னும் ஆறு வகுப்பு பாக்கி இருக்கிறதே" என்றார்கள். என் நோட்டில் நான்குதான் இருந்தது. யார் பொய் சொன்னார்கள் என்பதல்ல விஷயம். பிள்ளை வராத நாளையும் அவர்கள் என் பாக்கியில் சேர்த்திருந்தார்கள், நான் சேர்க்கவில்லை.

சரி, கழித்துவிடலாம் என்றால், ஒரு வகுப்பு எவ்வளவு? நான் பன்னிரண்டால் வகுத்து 300 என்றேன். ஒரு தந்தை முப்பது நாளால் வகுத்து 120 என்றார். பதின்மூன்று வகுப்பு வரும் மாதமானால் 277. சம்பளம் என்று சொல்லிவிட்ட பிறகு அவர் நாள் கணக்குப் போட்டதைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வகுப்புக் கணக்கில் அடிப்படை விதி ஒன்றுதான்: எந்த மாதத்தில் வகுப்பு நடந்ததோ அந்த மாதத்துச் சீட்டில் அது ஏறும். மாற்று வகுப்பு என்று தனி இனம் கிடையாது, தேதி மாறிய வகுப்பு அவ்வளவே. முந்தின நாள் இரவு எட்டு மணிக்குள் சொல்லிவிட்டு வராத நாளுக்குக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு சொன்னால் உண்டு. நான் போகாத நாளுக்கு எப்போதும் இல்லை.

2024 நவம்பரை எடுத்துக்கொள்வோம். திங்கள், புதன், வெள்ளி சேர்ந்து 13 நாள். தீபாவளிக்கு மறுநாளான முதல் தேதி விடுமுறை போக 12. ஒரு வீட்டுக்கு அனுப்பிய சீட்டு இது:

நான் வராதவை: 20, 27
20-க்கு மாற்று: 24 ஞாயிறு, நடந்தது
பிள்ளை முன்பே சொல்லிவிட்டு வராதது: 11
அதற்கு மாற்று: 17 ஞாயிறு, நடந்தது
தாமதமாகச் சொன்னது: 13, கட்டணம் உண்டு
வழக்கமான நாளில் நடந்தவை: 8
மொத்தம்: 8 + 2 + 1 = 11 வகுப்பு, 3,300 ரூபாய்

27-ஆம் தேதி வகுப்பு பாக்கியாக நிற்கவில்லை. அதன் பணத்தை நான் வாங்கவே இல்லை. டிசம்பரில் அதற்கு ஈடாக ஒன்று எடுத்தால் டிசம்பர்ச் சீட்டில் ஏறும். மாதம் முடிந்ததும் நோட்டை மூடலாம், ஆண்டுக் கடைசிவரை எதையும் நினைவில் சுமக்க வேண்டாம். எனக்கு இந்த ஒன்றே போதும்.

என் விடுப்பு முதல் வரியில் இருப்பது வேண்டுமென்றே செய்தது. முன்பு பிள்ளை வராத நாட்களை முதலில் எழுதுவேன், குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கும். 13-ஆம் தேதி நான் கேட் அருகே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தபோதுதான், "பாப்பாவுக்குக் காய்ச்சல் சார்" என்று அந்த அம்மா வந்து சொன்னார். அந்த வரியைப் பார்த்ததும் போன் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மேலே என் இரண்டு நாளும் எழுதியிருந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இதற்கும் விலை உண்டு. வருமானம் மாதா மாதம் ஆடுகிறது. முன்பே சொல்லிவிட்டு அடிக்கடி நிறுத்துகிற வீடுகளால் கை கடித்ததால், கட்டணமில்லாத விடுப்பு மாதம் இரண்டு என்று வரம்பு வைத்தேன். பணம் மாதக் கடைசியில் வருவதால், நடுவில் நின்றுவிடும் வீட்டில் பாக்கி விழவும் கூடும். எனக்கு ஒருமுறை விழுந்தது.

ஒரு பிள்ளைக்கு மட்டும் நடத்தும் வீட்டு வகுப்பை வைத்தே இவ்வளவும் சொல்கிறேன். காட்பாடியில் ஒரு கோடையில் மட்டும் எட்டுப் பிள்ளைகளுக்குச் சேர்த்து எடுத்தேன். அங்கே ஒருவன் வராவிட்டாலும் வகுப்பு நடந்துவிடுகிறது, அவனுக்கென்று தனியாகத் திரும்ப எடுக்கவும் முடியாது. அதற்கு மாதச் சம்பளம்தான் சரிப்பட்டது. இரண்டு மாத அனுபவம்தான் என்பதால், அதற்குமேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.