இன்வாய்ஸ் வரிகளைப் பிரிப்பது: இடப்பக்கத்திலிருந்தா, வலப்பக்கத்திலிருந்தா?

பிடிஎஃப்பிலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ இன்வாய்ஸை நகலெடுத்து விரிதாளில் ஒட்டினால், கட்டங்களும் கோடுகளும் போய், ஒரு பொருளின் விவரம் முழுவதும் ஒரே கலத்தில் ஒரு வரியாக விழுவதே பெரும்பாலும் நடக்கிறது. அதைப் பொருள், அளவு, விலை, தொகை என நான்காகப் பிரிக்கப் பலரும் கையாளும் இரண்டு வழிகளைக் கீழ்க்காணும் மூன்று வரிகளைக் கொண்டு ஒப்பிடுகிறேன்.

```
1 காப்பர் ஒயர் 2.5 மிமீ 12 85.50 1,026.00
2 ஸ்விட்ச் 40 32.00 1,280.00
3 எல்இடி பல்பு 9 வாட் 1 110.00 110.00
```

முதல் வழி, எக்செல்லில் உள்ள `Text to Columns` கருவியில் இடைவெளியைப் பிரிப்பானாகக் கொடுப்பது. சூத்திரம் எதுவும் எழுத வேண்டியதில்லை என்பதால் எல்லோரும் முதலில் நாடுவது இதைத்தான். ஆனால் இது வரியை இடப்பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வருவதால், பொருளின் பெயரில் எத்தனை சொற்கள் இருக்கின்றனவோ அத்தனை இடம் மற்றவை தள்ளிப்போகின்றன. மேலே முதல் வரி எட்டு நெடுவரிசைகளாகவும் இரண்டாவது வரி ஐந்தாகவும் உடையும். அளவு ஒன்றில் ஆறாவது நெடுவரிசையிலும் மற்றொன்றில் மூன்றாவதிலும் போய் நிற்கும். இதைவிட எனக்குக் கவலை தருவது, கருவி எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது என்பதே. நூறு வரிகள் உள்ள பட்டியலில் 2.5 என்ற ஒயர் தடிமனை யாராவது அளவு என்று எடுத்துக்கொண்டாலும் தாள் ஒழுங்காகவே தோன்றும். தாவல் குறிகளோடு ஒட்டப்பட்ட உரைக்கு மட்டும், பிரிப்பானாக இடைவெளிக்குப் பதில் தாவலைக் கொடுத்து, இதைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது வழி, வரியை வலப்பக்கத்திலிருந்து படிப்பது. பெயர் எவ்வளவு நீண்டாலும், அதில் எத்தனை எண்கள் இருந்தாலும், இத்தகைய வரியின் கடைசி மூன்று எண்கள் அளவு, விலை, தொகை என்பது மாறுவதில்லை. கூகுள் ஷீட்ஸில் முதல் வரி A2 கலத்தில் இருக்கும்போது, B2 கலத்தில் பின்வரும் சூத்திரத்தை இட்டால் நான்கு மதிப்புகளும் B முதல் E வரை தாமாகப் பரவும்.

```
=REGEXEXTRACT(TRIM(SUBSTITUTE(A2,CHAR(160)," ")),"^\d+\s+(.*\S)\s+([\d.,]+)\s+([\d.,]+)\s+([\d.,]+)$")
```

உள்ளே இருக்கும் `SUBSTITUTE` தேவையற்றதாகத் தோன்றலாம். வலைப்பக்கங்களிலிருந்து ஒட்டும்போது சாதாரண இடைவெளிபோலவே தெரியும் உடையா இடைவெளி வந்துவிடுகிறது; அதை `TRIM` நீக்காது, `\s` என்ற குறியும் அடையாளம் காணாது. வரிசை எண் இல்லாத பட்டியலாக இருந்தால் `^\d+\s+` என்பதில் `^` மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட வேண்டும். பெயர் இரண்டு வரிகளாக மடங்கினாலோ, அளவுக்கும் விலைக்கும் நடுவே அலகுச் சொல் வந்தாலோ `#N/A` என்று தெரியும். இதைக் குறையாக நான் கருதவில்லை. எந்த வரியைக் கையால் சரிசெய்ய வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுவதுதான் இந்த வழியை நான் தேர்ந்தெடுப்பதற்கு முதல் காரணம்.

இரண்டாவது காரணம், பிரித்தது சரியா என்று இன்வாய்ஸே சாட்சி சொல்லும் என்பது. வெளிவரும் மதிப்புகள் எழுத்து வடிவில் இருப்பதால், எண்ணாக மாற்றிப் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

```
=ROUND(VALUE(C2)*VALUE(D2),2)=ROUND(VALUE(E2),2)
```

அளவு அச்சிடப்படாத "4 பல்பு 9 110.00 110.00" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். சூத்திரம் மாடல் எண்ணான 9-ஐ அளவு என்று பிடித்துவிடும்; ஆனால் பெருக்கல் 990 என்று வரும், தொகையோ 110, ஆகவே `FALSE` காட்டிக்கொடுக்கும். எல்லா வரிகளிலும் `FALSE` வந்தால், தள்ளுபடிக்கோ ஜிஎஸ்டி வரிக்கோ தனி நெடுவரிசை இருக்கலாம். இருந்தால், சூத்திரத்தில் இன்னொரு எண் குழுவைச் சேர்த்து, சோதனையையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. சில இன்வாய்ஸ்களில் விலை முன்னும் அளவு பின்னும் வரும். பெருக்கலில் இடம் மாறினாலும் விடை மாறாது என்பதால் இரண்டும் மாறி விழுந்ததைச் சோதனை கண்டுகொள்ளாது. தலைப்பு வரியையும் சேர்த்து ஒட்டி, அதன் வரிசையை ஒருமுறை கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. விடுபட்ட வரியையும் பெருக்கல் காட்டாது. அதற்குத் தொகைகளின் கூட்டலை, ஜிஎஸ்டி வரி சேர்ப்பதற்கு முந்தையதாக இன்வாய்ஸில் அச்சிட்டுள்ள மொத்தத்தோடு ஒப்பிட வேண்டும்.

சில பிடிஎஃப்களிலிருந்து பெயர்கள் எல்லாம் முதலில், அளவுகள் எல்லாம் அடுத்து என நெடுவரிசை நெடுவரிசையாக உரை வரும்போது இரண்டு வழிகளும் பயன்படா. அங்கே ஒவ்வொரு தொகுதியையும் தனி நெடுவரிசையில் ஒட்டி, வரி எண்ணிக்கை நான்கிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெயர்த் தொகுதியில் மட்டும் ஒன்று கூடியிருந்தால் ஏதோ ஒரு நீண்ட பெயர் மடங்கியிருக்கிறது, அதை முந்தைய வரியோடு சேர்த்த பிறகே பெருக்கல் சோதனைக்குப் போக வேண்டும்.