கேலியும் தயக்கமும் தொலையக் கூடாது: கருத்துக் கட்டுரையைச் சுருக்கும் மூன்று வழிகள்

செய்தியைச் சுருக்கும்போது தகவல் தொலையாமல் இருந்தால் போதும். கருத்துக் கட்டுரையில் அது பாதி வேலைதான். எழுதியவர் எதைக் கேலியாகச் சொன்னார், எதை உறுதியாகச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார் என்பதும் சேர்ந்துதான் அவருடைய கருத்து. அதைத் தொலைத்துவிட்டால், அவர் சொல்லாத ஒன்றை அவர் பெயரில் போடுகிறோம்.

மூன்று வழிகளை ஒரே பத்தியில் வைத்துப் பார்ப்போம். மாதிரிக்காக நானே எழுதியது இது:

"மழைநீர் வடிகால் பணி 90 சதவீதம் முடிந்துவிட்டதாம். மிக்க மகிழ்ச்சி. போன வாரம் எங்கள் தெருவில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர், மீதி 10 சதவீதத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஒப்பந்ததாரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீர் போய்ச் சேர வேண்டிய கால்வாயின் மட்டத்தை அளக்காமலேயே வடிகால் கட்டியிருக்கலாம் என்று சில பொறியாளர்கள் கருதுகிறார்கள். அவர்கள் சொல்வது சரியானால், அடுத்த மழைக்கும் இதே கதைதான்."

முதல் வழி, முக்கியமாகத் தெரியும் வாக்கியங்களையும் வாக்கியத் துண்டுகளையும் அப்படியே எடுத்துக் கோப்பது. சொற்கள் எழுதியவருடையவை என்பதால் பாதுகாப்பானது என்று பலரும் நம்புகிறார்கள். செய்து பாருங்கள்: "மழைநீர் வடிகால் பணி 90 சதவீதம் முடிந்துவிட்டதாம். மிக்க மகிழ்ச்சி. அடுத்த மழைக்கும் இதே கதைதான்." ஒரு சொல்கூட மாறவில்லை, ஆனால் எது இதே கதை என்று வாசகருக்குப் பிடிபடாது. கேலி 'மகிழ்ச்சி' என்ற சொல்லில் இல்லை, அதற்கு அடுத்து வரும் முழங்கால் தண்ணீரில் இருக்கிறது. முன்னதை எடுத்துப் பின்னதை விட்டால் அது பாராட்டாகிவிடும். கடைசி வாக்கியத்திலும் 'சரியானால்' போய்விட்டதால், நிபந்தனையோடு சொன்னது ஆரூடமாகிவிட்டது.

இரண்டாவது வழி, முழுவதையும் நம் நடையில் சமமான குரலில் எழுதுவது. "பணி 90 சதவீதம் முடிந்ததைக் கட்டுரையாளர் வரவேற்கிறார். கால்வாய் மட்டத்தை அளக்காததே தண்ணீர் தேங்கக் காரணம் என்றும், அடுத்த மழைக்கும் தேங்கும் என்றும் எச்சரிக்கிறார்." படிக்கச் சீராக இருக்கிறது, அதனாலேயே மூன்றிலும் ஆபத்தானது இதுதான் என்பேன், ஏனென்றால் படிப்பவருக்குச் சந்தேகமே வராது. கேலியை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு 'வரவேற்கிறார்' என்றாயிற்று, பொறியாளர்களின் ஊகம் கட்டுரையாளரின் முடிவாயிற்று, 'கட்டியிருக்கலாம்' இருந்த இடமே தெரியவில்லை. தமிழில் இது சுலபமாக நடக்கும். தயக்கத்தைச் சொல்லும் 'லாம்', 'கூடும்', 'போலிருக்கிறது' எல்லாம் வினையின் வாலில் உட்கார்ந்திருக்கின்றன. சுருக்குபவர் வாக்கியங்களைச் சேர்த்துத் தைக்கும்போது முதலில் நறுக்குவது அந்த வாலைத்தான். 'முடிந்துவிட்டதாம்' என்பதில் உள்ள 'ஆம்' போனாலும் அதே கதி. யாரோ சொல்கிறார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை என்ற தொனி அந்த ஓர் ஒட்டில் இருந்தது.

மூன்றாவது வழி, தொனிக்குப் பெயர் சொல்லிவிடுவது. "90 சதவீதம் முடிந்தது என்ற அறிவிப்பை, தன் தெருவில் நின்ற தண்ணீரைக் காட்டிக் கேலி செய்கிறார். கால்வாய் மட்டத்தை அளக்கவில்லையோ என்ற சில பொறியாளர்களின் சந்தேகம் சரியானால், அடுத்த மழைக்கும் இதே நிலைதான் என்கிறார்." அளவு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 'சந்தேகம்' என்ற ஒரே பெயர்ச்சொல், 'கட்டியிருக்கலாம்', 'கருதுகிறார்கள்' இரண்டின் வேலையையும் செய்கிறது. ஒப்பந்ததாரர் வரியை வேண்டுமென்றே விட்டேன். சுருக்கத்தில் யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை, அதனால் அந்த மறுப்புக்கும் இங்கே வேலை இல்லை. ஒப்பந்ததாரர்தான் காரணம் என்ற பேச்சு ஏற்கெனவே பரவலாக இருந்தால் மட்டும் அதைச் சேர்ப்பேன்.

இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. பெயர் சொல்லத் தொடங்கியதும் 'சாடுகிறார்', 'விளாசுகிறார்' என்று கை போய்விடும். மேலே உள்ள பத்தியில் கோபமே இல்லை, மெல்லிய குத்தல்தான். 'கேலி செய்கிறார்' போதும், அதற்கு மேல் ஒரு படி ஏறினாலும் தவறு. அப்புறம், கேலி நடந்தது என்ற தகவல் நிற்குமே தவிர, அதன் சுவை நிற்காது.

என் தேர்வு மூன்றாவதுதான், இரண்டு வரிதான் இடம் என்றால் அதுவே போதும். கூடுதலாக ஒரு வரி கிடைத்தால் முழங்கால் தண்ணீர் வாக்கியத்தை மேற்கோளாக அப்படியே வைத்து, மற்றதை நம் நடையில் சொல்லலாம். கேலியை அவர் வாயாலேயே கேட்பது நல்லது, தயக்கத்தை நாம் எடுத்துச் சொன்னாலும் கெடாது.

எழுதி முடித்தபின், மூலத்தைப் படிக்காத ஒருவரிடம் சுருக்கத்தைக் கொடுத்து இரண்டே கேள்வி கேளுங்கள்: இவர் அந்த அறிவிப்பை நம்புகிறாரா? காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்கிறாரா, சந்தேகப்படுகிறாரா? இரண்டாவது வழிச் சுருக்கத்தைக் கொடுத்தால் முதல் கேள்விக்கு 'நம்புகிறார்' என்றும், இரண்டாவதற்கு 'அடித்துச் சொல்கிறார்' என்றும்தான் பதில் வரும்.