பிஸ்டன் வேகம் கண்டுபிடிக்க எந்த வழி: வரைபடமா, தோராயச் சூத்திரமா, முழுச் சூத்திரமா?

கிராங்க் ஒரே சீராகச் சுழன்றாலும் பிஸ்டன் சீராக ஓடுவதில்லை. இரு முனைகளிலும் ஒரு கணம் நிற்கிறது, நடுவில் பாய்கிறது. கிராங்கின் கோணத் திசைவேகம் ω தெரிந்தால், குறிப்பிட்ட ஒரு கோணத்தில் பிஸ்டன் என்ன வேகத்தில் போகிறது என்பதைக் கணக்கிடப் பல வழிகள் புழக்கத்தில் உள்ளன. எல்லாவற்றையும் ஒரே எஞ்சினில் போட்டுப் பார்ப்போம்.

கிராங்க் ஆரம் r = 50 மி.மீ., கனெக்டிங் ராட் நீளம் L = 200 மி.மீ. ஆகவே n = L/r = 4. சுழற்சி 3000 ஆர்.பி.எம்., அதாவது ω = 314.16 ரேடியன்/விநாடி. கிராங்க் பின்னின் வேகம் rω = 15.71 மீ/விநாடி. கோணம் θ-வை டாப் டெட் சென்டரிலிருந்து அளக்கிறோம். முதலில் 60 பாகை.

ராடை மறந்துவிட்டு `v = rω sin θ` என்று போடுவதுதான் மிக எளிய வழி. விடை 13.60 மீ/விநாடி. உண்மையான விடை 15.35. 120 பாகையில் அதே சூத்திரம் மீண்டும் 13.60 என்கிறது, ஆனால் அங்கே உண்மை வேகம் 11.86 தான். ஒரு பக்கம் 11 விழுக்காடு குறைவு, மறுபக்கம் 15 விழுக்காடு கூடுதல். காரணம் ராடின் சாய்வு. மேல் முனையிலிருந்து 90 பாகை திரும்பியதும் பிஸ்டன் பாதி தூரம், அதாவது 50 மி.மீ., வந்திருக்கும் என்று தோன்றும். உண்மையில் 56.35 மி.மீ. இறங்கியிருக்கும். மேல் பாதி ஸ்ட்ரோக் வேகமாகவும் கீழ் பாதி மெதுவாகவும் முடிகிறது. இந்த வித்தியாசத்தைக் காட்டாத சூத்திரத்தை அளவு மதிப்பீட்டுக்கு மேல் எதற்கும் நம்பக் கூடாது.

அடுத்தது எல்லோரும் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் தோராயச் சூத்திரம்:

```
v = rω ( sin θ + sin 2θ / (2n) )
```

60 பாகையில் 15.30, 120 பாகையில் 11.90. பிழை அரை விழுக்காட்டுக்கும் கீழே. ராடைக் குட்டையாக்கி n = 3 ஆக்கினாலும் 60 பாகையில் பிழை 0.6 விழுக்காடுதான். வேகம் மட்டும் வேண்டுமென்றால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதன் உண்மையான மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ω மாறவில்லை என்று கொண்டு இதை ஒரு முறை வகையிட்டால் முடுக்கம் `rω² ( cos θ + cos 2θ / n )` என்று வரும். முதல் உறுப்பு கிராங்கின் வேகத்திலும் இரண்டாம் உறுப்பு அதன் இரு மடங்கு வேகத்திலும் அதிர்கிறது. வரிசையாக அமைந்த நான்கு சிலிண்டர் எஞ்சினில், வழக்கமான கிராங்க் அமைப்பில், முதல் உறுப்பின் விசைகள் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்கின்றன. இரண்டாம் உறுப்பின் விசைகள் நான்கும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன. அந்த நடுக்கத்தை அடக்கத்தான் கிராங்கைவிட இரு மடங்கு வேகத்தில் சுழலும் பேலன்சர் ஷாஃப்ட்டுகள் பொருத்தப்படுகின்றன. முழுச் சூத்திரத்தைப் பார்த்தால் இது கண்ணில் படாது. தோராயம் அதை எடுத்துக் காட்டிவிடுகிறது.

இனி வரைபட வழி, க்ளைன் வரைமுறை. இதைப் பழசு என்று ஒதுக்குபவர்கள் ஒரு முறையாவது வரைந்து பார்க்க வேண்டும். கிராங்க் மையம் O. அதன் வழியாக பிஸ்டன் ஓடும் கோட்டை வரையுங்கள். அதற்கு 60 பாகையில் 50 மி.மீ. நீளத்தில் OC. C-யை மையமாக வைத்து 200 மி.மீ. வில் போட்டால் பிஸ்டன் கோட்டில் P கிடைக்கும். இப்போது O-வில் பிஸ்டன் கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு. PC-யை C-க்கு அப்பால் நீட்டினால் அது இந்தச் செங்குத்தை M-இல் வெட்டும். OM-ஐ அளங்கள்: 48.8 மி.மீ. வேகம் = ω × OM = 15.3 மீ/விநாடி. கணக்கு முடிந்தது.

OCM என்ற முக்கோணம், 90 பாகை திருப்பி வைக்கப்பட்ட வேக முக்கோணம். OC கிராங்க் பின்னின் வேகம், OM பிஸ்டனின் வேகம். CM என்பது, ராட் கிராங்க் பின்னைச் சுற்றி ஆடும் வேகத்தைத் தருகிறது. 90 பாகையில் M, C-யின் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் அந்த இடத்தில் பிஸ்டன் வேகமும் பின் வேகமும் சரியாகச் சமம், ராடின் ஆட்டம் பூஜ்யம். இதைக் கண்ணால் பார்க்க வேறு வழி எதுவும் இவ்வளவு நேராக இல்லை. குறை என்னவென்றால் அளவுகோலில் அரை மி.மீ. தவறினால் விடையில் ஒரு விழுக்காடு போய்விடும். தோராயச் சூத்திரத்தின் பிழையைவிட அது பெரிது. 360 கோணங்களுக்கு யாரும் வரையவும் மாட்டார்கள்.

கடைசியாக முழுச் சூத்திரம். இதற்கு இரண்டு வடிவங்கள். வர்க்கமூலம் வைத்து விரித்து எழுதுவது ஒன்று. ராடின் சாய்வு φ-யை அப்படியே வைத்துக்கொள்வது மற்றொன்று:

```python
import math

def piston_speed(r, L, rpm, theta_deg, e=0.0):
    w = rpm * 2 * math.pi / 60
    t = math.radians(theta_deg)
    phi = math.asin((r * math.sin(t) - e) / L)
    return r * w * math.sin(t + phi) / math.cos(phi)
```

என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். இது க்ளைன் வரைபடத்தின் OM-ஐயே கோணங்களில் எழுதியது, அவ்வளவுதான். இந்த வடிவத்தின் பலன், சிலிண்டரின் மையக் கோடு கிராங்க் மையத்திலிருந்து சற்று விலகியிருக்கும்போது தெரியும். நம் எஞ்சினில் அந்த விலகல் e = 2 மி.மீ. என்று வைப்போம். மேலே உள்ள `e`-யை மட்டும் மாற்றினால் போதும்: 60 பாகையில் 15.26, 120 பாகையில் 11.95. வரைபடத்திலும் பிஸ்டன் கோட்டை C இருக்கும் பக்கமாக 2 மி.மீ. தள்ளி வரைந்தால் போதும், மற்றது எதுவும் மாறாது. தோராயச் சூத்திரம் மட்டும் பழைய விடையையே சொல்லிக்கொண்டிருக்கும்.

தப்பு எங்கே வெளிப்படும் என்றால் θ = 0-வில். தோராயம் அங்கே வேகம் பூஜ்யம் என்கிறது. முழுச் சூத்திரம் −0.157 மீ/விநாடி என்கிறது, அதாவது பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. உண்மையான டாப் டெட் சென்டர் இந்த எஞ்சினில் 0.46 பாகை தள்ளி வருகிறது. ஆகவே விலகல் உள்ள எஞ்சினில் θ-வை டெட் சென்டரிலிருந்து அளக்காமல், பிஸ்டன் கோட்டுக்கு இணையான திசையிலிருந்து அளக்க வேண்டும்.

உச்ச வேகம் பற்றி ஒரு வார்த்தை. கிராங்கும் ராடும் செங்குத்தாக இருக்கும்போதுதான் பிஸ்டன் மிக வேகமாகப் போகிறது என்று பலரும் சொல்வார்கள். விலகல் இல்லாத நம் எஞ்சினில் அது 75.96 பாகை. உண்மையான உச்சம் 76.72 பாகையில், 16.19 மீ/விநாடி. வேகத்தில் வித்தியாசம் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான், யாரையும் திருத்தப் போக வேண்டாம்.

நிரலில் விடை விநோதமாக வந்தால் முதலில் 90 பாகையைப் போட்டுப் பாருங்கள். விலகல் இல்லையென்றால் சரியாக rω வர வேண்டும். வராவிட்டால் பாகை–ரேடியன் குழப்பம், அல்லது ஆர்.பி.எம்.-ஐ மாற்றாமல் ω என்று வைத்திருக்கிறீர்கள். 90 சரியாக வந்து, 60 பாகையில் 11.86-உம் 120-இல் 15.35-உம் வந்தால், கோணத்தை பாட்டம் டெட் சென்டரிலிருந்து அளந்துவிட்டீர்கள்.