இன்ட்ரோ பாதில பிளாங்க் ஆயிட்டா: திரும்பச் சொல்றதா, கார்டைப் பாக்கறதா, ஸாரி சொல்றதா, நேரா பேருக்குப் போயிடறதா?

மேடையில இன்னொருத்தரை அறிமுகப்படுத்தும்போது பாதில வரி மறந்து போச்சுன்னா என்ன பண்றதுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சுப் பாத்தாதான் வித்தியாசம் தெரியும்ங்கறதால, நானே மாட்டின ஒரு இன்ட்ரோவை எடுத்துக்கறேன்.

ஒரு கருத்தரங்கு. பேச வந்தவங்க நிலத்தடி நீர் ஆய்வாளர். நான் எழுதி மனப்பாடம் பண்ணிட்டுப் போனது அஞ்சே வரி, சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் ஆகும். ஒண்ணு, இன்னைக்குப் பேச்சு நிலத்தடி நீர் பத்தி. ரெண்டு, கண்ணுக்குத் தெரியாத தண்ணிங்கறதால அது குறையறதும் நமக்குத் தெரியறதில்ல. மூணு, இவங்க இருபது வருஷமா கிணறு கிணறா இறங்கி நீர்மட்டம் அளந்துட்டு வர்றாங்க. நாலு, அந்த அளவுகளை வச்சு அவங்க என்ன கண்டுபிடிச்சாங்கங்கறது. அஞ்சு, அவங்க பேரு, அழைப்பு. மூணாவது வரி நல்லா வந்துச்சு, “அளந்துட்டு வர்றாங்க”ன்னு முடிச்சேன், அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல, மைக்கோட இரைச்சல் மட்டும் கேக்குது.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். அந்த நொடியில மறந்துபோறது ரெண்டு விதம். என்ன சொல்லணும்னு தெரியுது, எழுதி வச்ச வாக்கியம் மட்டும் வரலன்னா அது மறதியே இல்ல, சொந்த வார்த்தையில சொல்லிட்டுப் போயிடலாம், ஏன்னா ஸ்கிரிப்ட் நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு, நாம எந்த வார்த்தையை விட்டோம்னு கேக்கறவங்களுக்குத் தெரிய வழியே இல்ல. விஷயமே வரலன்னாதான் பிளாங்க். எனக்கு வந்தது ரெண்டாவது.

இப்ப ஒவ்வொண்ணா வருவோம்.

கடைசி வரியைத் திரும்பச் சொல்றது. நெறைய பேர் தன்னையறியாம இதைத்தான் பண்றோம், அதுல நியாயமும் இருக்கு. மனப்பாடம் பண்ணினது சங்கிலி மாதிரி, ஒரு வரியோட வால்தான் அடுத்த வரியோட தலையை இழுத்துட்டு வரும், அதனால வாலை இன்னொரு தடவை பிடிச்சு இழுத்தா பல நேரம் வந்துடும். ஆனா அப்படியே திரும்பச் சொன்னா தேஞ்சுபோன ரெக்கார்டு மாதிரி இருக்கும். “இருபது வருஷம். கிணறு கிணறா”ன்னு பாதியை மட்டும் மெதுவா, அழுத்திச் சொன்னா கேக்கறவங்களுக்கு அது வேணும்னே சொன்ன மாதிரி இருக்கும், நமக்கும் ரெண்டு மூணு நொடி கிடைக்கும். இதுக்கு எல்லையும் உண்டு. ஒரு தடவைதான். ரெண்டாவது தடவை சொன்னா எல்லாரும் கண்டுபிடிச்சுடுவாங்க. அப்புறம், ஸ்கிரிப்ட்ல ஒரே மாதிரி ரெண்டு வரி இருந்தா (“அந்த வருஷம் இந்த விருது வாங்கினாங்க, இந்த வருஷம் அந்த விருது வாங்கினாங்க”) சங்கிலி தடம் மாறி ஏற்கெனவே சொன்ன இடத்துக்கே கொண்டுபோய் விட்டுடும். விருதுப் பட்டியலா இருக்கற இன்ட்ரோவுல சுத்தி சுத்தி ஒரே இடத்துக்கு வர்றவங்களைப் பாத்திருப்பீங்க, காரணம் இதுதான்.

நான் இதைத்தான் பண்ணினேன். வரல.

அடுத்தது கார்டு. கார்டு வச்சுக்கறது கௌரவக் குறைச்சல்னு நினைக்கறவங்களுக்காக ஒரு பழைய விஷயம். வின்ஸ்டன் சர்ச்சில் ஆரம்பத்துல பேச்சை முழுசா மனப்பாடம் பண்ணிட்டு வந்து பேசறவர். 1904 ஏப்ரல்ல பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துல பேசிட்டு இருக்கும்போது பாதி வாக்கியத்துல நின்னுபோச்சு, தேடிப் பாத்தும் கிடைக்காம, இவ்ளோ நேரம் கேட்டதுக்கு நன்றின்னு சொல்லிட்டு உக்காந்துட்டார். அதுக்கப்புறம் விரிவான குறிப்பு கையில இல்லாம பேசறதையே விட்டுட்டார்.

ஆனா கார்டு உதவுமா உதவாதாங்கறது அதுல என்ன எழுதியிருக்குங்கறதைப் பொறுத்தது. முழு வாக்கியமா எழுதினா, பதட்டத்துல எந்த இடத்துல விட்டோம்னு தேடவே நேரம் போயிடும், கண்ணு எழுத்து மேல ஓடும், ஒண்ணும் படியாது. வரிக்கு ரெண்டு மூணு வார்த்தை போதும். என் விஷயத்துல “தெரியாத தண்ணி / கிணறு 20 வருஷம் / அளவுல கண்டது” அப்புறம் கீழ பெரிய எழுத்துல பேரு, உச்சரிப்பு சந்தேகம்னா அசை பிரிச்சு. தாளா இருந்தா கை நடுங்கறது தாள்ல தெரியும், கொஞ்சம் தடிமனான அட்டையா இருக்கட்டும். முக்கியமா, முதல் வார்த்தையிலேர்ந்தே கையில இருக்கணும். ஆரம்பத்துலேர்ந்து கையில இருக்கற கார்டைக் குனிஞ்சு பாத்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க, அதே கார்டைப் பாதில பாக்கெட்ல தேடி எடுத்தா மறந்துட்டேன்னு மைக்ல அறிவிச்ச மாதிரி. பாக்கறப்ப பேசாதீங்க, பாத்துட்டு, தலையை நிமித்திட்டு, அப்புறம் பேசுங்க. போன்ல எழுதி வச்சுக்கறது எனக்குப் பிடிக்காது, சரியா தேவைப்படற நேரத்துல ஸ்கிரீன் அணைஞ்சு லாக் ஆகியிருக்கும்.

என் கார்டு எங்க இருந்துச்சுன்னு கேக்காதீங்க. உக்காந்திருந்த நாற்காலி மேல இருந்துச்சு.

மூணாவது, “ஸாரி, மறந்துட்டேன்”னு வெளிப்படையா சொல்லிடறது. இதுக்கு இப்ப ரொம்ப நல்ல பேரு, மனுஷத்தனமா இருக்கும், ஆடியன்ஸ் நம்ம பக்கம் வந்துடுவாங்கன்னு. இதுக்குப் பின்னால ஒரு உண்மையான ஆய்வும் இருக்கு, உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவரோட குழுவும் 1966-ல பண்ணினது. வினாடி வினாவுக்குப் பதில் சொல்ற ஒருத்தரோட ஆடியோவைப் போட்டாங்க, கடைசில அவர் தன் மேலயே காபியைக் கொட்டிக்கறார். ஏறக்குறைய எல்லாத்துக்கும் சரியா பதில் சொன்னவர் கொட்டினப்ப கேட்டவங்களுக்கு அவரை இன்னும் பிடிச்சுப்போச்சு. சுமாரா பதில் சொன்னவர் கொட்டினப்ப இருந்த மதிப்பும் குறைஞ்சுபோச்சு. இந்த ரெண்டாவது பாதியை யாரும் சொல்றதில்ல. இன்ட்ரோ சொல்றவர் மேடைக்கு வந்து முப்பது நாப்பது நொடிதான் ஆகியிருக்கும், அவர் திறமைசாலியா சுமாரான்னு ஆடியன்ஸுக்கு இன்னும் தெரியாது, அதுக்குள்ள காபியைக் கொட்டினா எந்தப் பக்கம் சாயும்னு சொல்ல முடியாது. நாள் முழுக்க நல்லா நிகழ்ச்சி நடத்திட்டு வர்ற தொகுப்பாளர் சாயங்காலம் ஒரு தடவை சிரிச்சுட்டே “மறந்துபோச்சுங்க”ன்னு சொன்னா எடுபடும். அவருக்கு அந்தக் கணக்குல இருப்பு இருக்கு, நமக்கு இல்ல.

அதைவிடப் பெரிய குறை, ஸாரி சொன்னதும் பேச்சு நம்மளைப் பத்தினதா மாறிடும். விருந்தினரைப் பத்தி இருந்த நிமிஷத்துல நம்ம பதட்டம் வந்து உக்காந்துக்கும், பாவம் அவங்க “பரவால்ல பரவால்ல”ன்னு தலையாட்டணும். நமக்கு இதயம் தொண்டையில அடிக்கறது எதிர்ல இருக்கவங்களுக்கும் கேக்குதுன்னு தோணும், ஆனா உள்ள இருக்கற பதட்டம் நாம நினைக்கற அளவுக்கு வெளிய தெரியறதில்ல. பாதி பேர் கவனிக்காத ஒண்ணுக்கு நாமளே விளக்கு போட்டுக் காட்டற வேலைதான் இந்த ஸாரி.

வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிக்கறதைப் பத்தி அதிகம் பேச ஒண்ணுமில்ல. தனிப் பேச்சுல அது ஓடும். இன்ட்ரோல நாம அடிச்சு விடற தகவலுக்கு உரிய ஆள் பத்தடி தள்ளி உக்காந்திருக்காங்க, வந்து மைக் பிடிச்சதும் முதல் வேலையா அதைத் திருத்துவாங்க.

கடைசியா, எனக்குப் பிடிச்சது: மிச்சத்தை விட்டுட்டு நேரா பேருக்குப் போயிடறது. தனிப் பேச்சுல இல்லாத வசதி இது. அறிமுகத்துக்கு ஒரு வாசக்கதவு எப்பவும் திறந்தே இருக்கு, பேரைச் சொன்னா கைதட்டல் வரும், கைதட்டல் வந்தா நம்ம வேலை முடிஞ்சுது. நாலாவது வரி போச்சா, போகட்டும், “அந்தக் கிணறுகள்ல என்ன பாத்தாங்கன்னு அவங்களே சொல்லட்டும்”னு ஒரு பாலம் போட்டு பேரைச் சொல்லி முடிச்சுடலாம். கேக்கறவங்களுக்கு அது திட்டமிட்ட முடிவு மாதிரியே இருக்கும், சொல்லப்போனா என் பழைய நாலாவது வரி அவங்க பேச்சோட முடிவை முன்னாடியே உடைச்சுச் சொல்லிடற வரி, போனதே நல்லது.

இதுலயும் கவனிக்க ரெண்டு இடம். ஒண்ணு, ரொம்ப சீக்கிரம் பிளாங்க் ஆனா, அதாவது முதல் வரியிலேயே, அப்ப பேரை மட்டும் சொன்னா வர்றது யாருன்னே யாருக்கும் தெரியாது. குறைஞ்சது ஒரு தகவல், ஏன் இவங்க இங்க பேசறாங்கங்கறதுக்கான ஒரே ஒரு காரணம், அது போயாகணும். ரெண்டு, விருந்தினர் இன்னும் ரெடியா இல்லாம இருக்கலாம், ஒரு நிமிஷம்னு சொல்லி வச்சுட்டு அரை நிமிஷத்துல கூப்பிட்டா அவங்க தண்ணி பாட்டிலை மூடிட்டு இருப்பாங்க, அதனால பாலம் போடும்போதே அவங்க பக்கம் திரும்பிப் பாத்துடுங்க, புரிஞ்சுக்குவாங்க.

ஆனா இது வேலை செய்யணும்னா கடைசி வரி சங்கிலியில தொங்கக் கூடாது. ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் வரிசையா மட்டுமே சொல்லிப் பழகினா, நாலு அறுந்தா அஞ்சும் சேந்து போயிடும். அதனால கடைசி வரியைத்தான் முதல்ல படிக்கணும், அப்புறம் முதல் வரிக்கப்புறம் ஒரு தடவை, ரெண்டாவதுக்கப்புறம் ஒரு தடவைன்னு எங்கேர்ந்து வேணும்னாலும் அதுக்குத் தாவிப் பாத்துக்கணும். 2014-ல லாஸ் வேகாஸ்ல நடந்த எலெக்ட்ரானிக்ஸ் கண்காட்சியில இயக்குநர் மைக்கேல் பே ஒரு டிவி அறிமுகத்துக்கு மேடை ஏறினார், டெலிப்ராம்ப்டர் தடுமாறினதும் அவரும் தடுமாறிட்டார். பக்கத்துல இருந்தவர் இந்த வளைஞ்ச திரை பத்தி என்ன நினைக்கறீங்கன்னு கேள்வி கேட்டுக் கை கொடுத்தும் பாத்தார், ஆனா பே ஸாரி சொல்லிட்டு மேடையை விட்டே இறங்கிட்டார். ஒரு வரி பதில் போதும்தான், ஆனா வரிசையில தேடிட்டு இருக்கற மூளைக்கு வரிசைக்கு வெளிய இருக்கற கதவு தெரியாது.

தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கும்போது கதை வேற. பேரை முதல்லயே சொல்லி முடிச்சிருப்போம், வாசக்கதவு இல்ல. அங்க கார்டும் சரியா இருக்காது, அதனால ஏன் இங்க வந்திருக்கேங்கற ஒரு வரியைத் தனியா வச்சுக்கிட்டு அதுக்குத் தாவறதுதான்.

என் வரிசை கேட்டா இதுதான்: ஒரு தடவை பாதி வரியைத் திரும்பச் சொல்லிப் பாப்பேன், வரலன்னா குனிஞ்சு கார்டு, அதுவும் கை கொடுக்கலன்னா பேரு. ஸாரியை விருந்தினர் பேரைத் தப்பாச் சொல்லிட்டா மட்டும் எடுப்பேன், அது நமக்காகச் சொல்றதில்ல, அவங்களுக்குச் சேர வேண்டியது.

அன்னைக்கு என்ன ஆச்சுன்னா, கார்டு நாற்காலியில, திரும்பச் சொன்னதும் பலிக்கல, பேருக்குத் தாவிட்டேன். இடைவேளையில அவங்க வந்து “சுருக்கமா முடிச்சீங்க, நல்லா இருந்துச்சு”ன்னாங்க. நாலாவது வரி அப்பதான் ஞாபகம் வந்துச்சு.