தமிழ்99 விசைப்பலகையும் வெற்றுக் கட்டமும்: ஆறு ஆண்டு அனுபவம்

கைபேசியில் ஆறு ஆண்டுகளாகத் தமிழில் எழுதி வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழ்ச் சொல்லைப் பெறும் ஒலிபெயர்ப்பு முறையில் கழிந்தன. ல, ள, ழ ஆகியவற்றில் எது வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் பரிந்துரைகளைப் பார்த்துத் தேர்வது சலித்துப்போனதால் தமிழ்99 அமைப்புக்கு மாறினேன். அதில் 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகள் போதும். முதல் மகரத்துக்குப் புள்ளியைப் பலகையே இட்டுவிடும்.

மொழி மாற்றத்தில் எனக்கு இன்றும் தடுமாற்றம் தருவது, ஆங்கிலச் சொல்லோடு தமிழ் வேற்றுமை உருபைச் சேர்க்கும் இடமே. PDFஐ என்று எழுத உயிரெழுத்தான ஐ வர வேண்டும். உயிர்க்குறிகளுக்குத் தனி விசை உள்ள வேறொரு பலகையில் பழக்க தோஷத்தால் ை குறியை அழுத்திவிட்டேன். சார்ந்து நிற்க மெய் இல்லாததால், அந்தக் குறி புள்ளிகளாலான வட்டத்தோடு தோன்றியது. இதை எழுத்துரு கெட்டுவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இது நாம் அடித்த வரிசையின் பிழை. அழித்து மீண்டும் அடித்தால் சரியாகிவிடும்.

வெற்றுக் கட்டத்தின் கதை வேறு. பழைய கணக்கேடு ஒன்றைப் படியெடுத்தபோது, 'கால்' என்னும் பின்னத்துக்குரிய பழந்தமிழ்க் குறி தேவைப்பட்டது. எந்த விசைப்பலகையிலும் எனக்கு அது கிடைக்காததால், யுனிகோடு அட்டவணையிலிருந்து U+11FD0 என்ற குறியை நகலெடுத்து ஒட்டி நண்பருக்கு அனுப்பினேன். மற்ற வரிகளெல்லாம் நன்றாகத் தெரிய, அந்த ஓரிடத்தில் மட்டும் கட்டம் இருப்பதாகச் சொன்னார். அவர் உடனே வேறு விசைப்பலகைச் செயலியை நிறுவிப் பார்த்தார்; பயனில்லை. விசைப்பலகை குறியெண்ணை அனுப்புவதோடு நின்றுவிடுகிறது, அதற்கு உருவம் தருவது கைபேசியின் எழுத்துரு.

நாம் அன்றாடம் எழுதும் எழுத்துகள் U+0B80 முதல் U+0BFF வரையான பகுதியில் இருக்கின்றன. பின்னக் குறிகளோ 2019இல் வெளியான யுனிகோடு 12.0 பதிப்பில்தான் வேறொரு பகுதியாகச் சேர்க்கப்பட்டன. அவருடைய பழைய கைபேசியின் எழுத்துருவில் அவற்றுக்கு வடிவம் இல்லை. வடிவம் இல்லாத இடத்தை நிரப்ப வரையப்படுவதே அந்தக் கட்டம். அவர் அதே செய்தியை எனக்குத் திருப்பி அனுப்பியபோது குறி பழுதின்றித் தெரிந்தது. ஆகவே கட்டம் தெரிந்தால், அதை அழிக்காமல் வேறொரு கருவியில் ஒட்டிப் பார்ப்பது நல்லது. கேள்விக்குறிகளாக வந்த வரியில் இந்தச் சோதனை பெரும்பாலும் உதவாது. வழியில் ஏதோ ஒரு மென்பொருள் மூல எழுத்தையே கேள்விக்குறியாக மாற்றிவிட்டிருக்கும், அனுப்பியவரிடம்தான் மறுபடி கேட்க வேண்டும்.

நண்பரின் கைபேசிக்குப் புதிய இயங்குதளப் பதிப்பு கிடையாது. எழுத்துருவை உள்ளடக்கிய PDF கோப்பாக அந்தப் பக்கத்தை அனுப்பினேன், குறி தெரிந்தது.