தேதி மாற்றக் கட்டணம் 100 டாலர், கேட்ட தொகை 767.50

அம்மாவின் அறுவை சிகிச்சைத் தையலைப் பிரிக்க இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாங்கள் திரும்ப வேண்டியது 12ஆம் தேதி. அதை 19க்குத் தள்ளிப்போடலாம் என்று முடிவு செய்தோம். விமான டிக்கெட் வாங்கியபோதே விதிகளைப் படித்திருந்தேன்: தேதி மாற்ற ஆளுக்கு 100 டாலர். நான், கணவர், எட்டு வயது மகள், ஆக மொத்தம் 300. கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் தொலைபேசியை எடுத்தேன். அரை மணி நேரம் இசை கேட்டபின் மறுமுனையில் வந்தவர் 767 டாலர் 50 சென்ட் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "கணினி அப்படித்தான் காட்டுகிறது, மேடம்" என்பதே பதில்.

மறுநாள் அதே விமான நிறுவனத்தின் அலுவலகத்துக்கே போனேன். வரிசையில் ஒரு மணி நேரம் நின்றதைப் பற்றிப் புலம்பப் போவதில்லை. ஏனென்றால் கவுன்டரில் இருந்த பெண் திரையை என் பக்கம் திருப்பி வைத்து விளக்கினார். இத்தனை வருடப் பயணத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

ஒரே எகானமி வகுப்புக்குள் பல விலைப் படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படிக்கும் ஓர் எழுத்து. எந்த எழுத்து எந்த விலை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எங்களுடையது V. அதில் பெரியவருக்குத் திரும்பும் வழிக்கான அடிப்படைக் கட்டணம் 550 டாலர். 19ஆம் தேதிக்குத் திரையில் தெரிந்தது இது:

```
V2 K9
```

V படியில் இரண்டு இருக்கைதான் மிச்சம். அடுத்த படியான K-இல் ஒன்பதோ அதற்கு மேலோ. நாங்கள் மூன்று பேர் ஒரே முன்பதிவில் இருப்பதால், மூவருக்கும் சேர்த்து இடமிருக்கும் படியைத்தான் கணினி தேடும். எனவே மூவரையும் K-க்கு ஏற்றிவிட்டது. K-இன் விலை 720. ஆகவே பெரியவருக்குக் கட்டண வித்தியாசம் 170, மாற்றக் கட்டணம் 100, மொத்தம் 270. இருவருக்கு 540. மகளுக்குப் பயணக் கட்டணத்தில் நான்கில் மூன்று பங்குதான் என்பதால் வித்தியாசமும் 127.50 ஆகக் குறைந்தது. மாற்றக் கட்டணத்தில் மட்டும் குழந்தைச் சலுகை கிடையாது, முழு 100. அவளுக்கு 227.50. கூட்டினால் அதே 767.50. தொலைபேசியில் பேசியவர் தவறாகச் சொல்லவில்லை, விளக்கம்தான் சொல்லவில்லை.

அந்தப் பெண் அடுத்து சொன்னதுதான் போன வேலைக்குப் பலன். முன்பதிவை இரண்டாகப் பிரித்தால் என்ன? நானும் மகளும் மீதமிருக்கும் இரண்டு V இருக்கைகளுக்கு. கணவர் தனி முன்பதிவில் K-க்கு. குழந்தையைத் தனி முன்பதிவில் விட முடியாது. முடிந்தால் இன்னும் மலிவாக முடிந்திருக்கும், அவளுடைய வித்தியாசம்தானே குறைவு! இப்போது எனக்கும் மகளுக்கும் மாற்றக் கட்டணம் மட்டும், 200. கணவருக்கு 270. மொத்தம் 470. விமானம் அதேதான், நாளும் அதேதான். 297 டாலர் 50 சென்ட் மிச்சம். 20ஆம் தேதியையும் பார்த்தார். அன்று V-இல் ஐந்து இருக்கை, மூவருக்கும் 300 போதும். ஆனால் 21ஆம் தேதி காலை கணவர் வேலைக்குப் போயாக வேண்டும்.

வித்தியாசத்தை எந்த நாள் விலையோடு ஒப்பிடுகிறார்கள் என்றும் கேட்டேன். ஊருக்கு வந்த பாதிப் பயணம் முடிந்துவிட்டதால், எங்கள் டிக்கெட்டின் விதிப்படி, வாங்கிய நாளில் இருந்த விலைப்பட்டியல்தான் கணக்கு. இருக்கை மட்டும் இன்றைய நிலவரப்படி. கிளம்புவதற்கு முன்பே மாற்றியிருந்தால் முழுப் பயணத்தையும் அன்றைய விலைக்குத் திரும்பக் கணக்கிட்டிருப்பார்களாம். என் மைத்துனருக்கு அதுதான் நடந்தது. அவர் வாங்கியது 'மாற்றக் கட்டணம் இல்லை' வகை. அவர் கட்டியதோ 310, அத்தனையும் வித்தியாசம்.

புதிய விலை குறைவாக இருந்தால் பணம் திரும்ப வருமா என்றேன். எங்கள் வகை டிக்கெட்டில் வராது, மாற்றக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளவும் மாட்டார்கள் என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அங்கேயே அட்டையைக் கொடுத்துக் கட்டிவிட்டேன். இரண்டே V இருக்கை இருக்கும்போது வீட்டுக்குப் போய் யோசிக்க முடியாது. டிக்கெட் அச்சாகும் வரை அந்த விலைக்கு உத்தரவாதம் இல்லை. பிரித்ததில் ஒரு சங்கடம் மட்டும் வந்தது. முன்பு சேர்ந்தாற்போல் எடுத்திருந்த மூன்று இருக்கைகளும் ரத்தாகிவிட்டன, மறுபடி தேர்வு செய்தபோது கணவருக்கு ஆறு வரிசை பின்னால்தான் கிடைத்தது. வழி முழுக்க நன்றாகத் தூங்கினேன் என்றார்.