டைல்ஸில் முடங்கிய அறுபது இலட்சம்: கடையிலேயே விடுவதா, வங்கிக்கு மாற்றுவதா?

களுவாஞ்சிக்குடிப் பக்கம் மாமாவுக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை. சரக்கும் கடன் கொப்பியில் நிற்பதும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு கோடி. பாதியை வெளியே எடுத்து வங்கி, பங்கு என்று பிரித்துப் போடலாம் என்கிறாள் மச்சாள். ஒரு சதமும் எடுக்கத் தேவையில்லை என்பது மாமாவின் கட்சி. கணக்குப் பார்த்தது நான்.

மாமா சொல்வதைச் சும்மா தள்ளிவிட முடியாது. 2022இல் சீமெந்து மூடை முந்தைய வருட விலையின் மூன்று மடங்குக்குக் கிட்ட வந்தது, அந்த செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. "பேங்கில கிடந்த காசுதான் மகன் கரைஞ்சது, கம்பி கரையல்ல" என்பார். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பழைய விலைக்கு வாங்கிய மூடையைப் புது விலைக்கு விற்ற பிறகு ஸ்டோரை நிரப்ப மூன்று மடங்கு காசு வேண்டும், அதே நேரம் வீடு கட்டுகிறவர்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள். சரக்கின் மதிப்பு ஏறியது கொப்பியில்தான், கல்லாவில் இல்லை.

அதனால் கடையை ஒரே முதலாகப் பார்க்காமல் பிரித்துப் பார்த்தேன். சீமெந்தும் கம்பியும் இரண்டு மூன்று கிழமையில் காசாகித் திரும்பும். மூடைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான், ஆனால் வருடத்தில் பதினைந்து இருபது தடவை மிஞ்சும். எந்த வங்கியும் அந்த வரும்படியைத் தராது, அந்தக் காசைத் தொடவே கூடாது. டைல்ஸ், பாத்ரூம் சாமான், போகாத கலர் பெயின்ட் ஆகியவற்றில் முடங்கிய அறுபது இலட்சம்தான் விசயம். அவற்றின் இலாபம் 20 வீதம் என்று மாமா பெருமையாகச் சொல்வார். ஆனால் ஒரு சரக்கு விற்றுத் தீரச் சராசரி இரண்டரை வருடம் போகிறது, ஆக வருடத்துக்கு எட்டு வீதம். அதை வைக்க எடுத்த ஸ்டோருக்கு மாதம் இருபத்தையாயிரம் வாடகை, அதாவது வருடம் மூன்று இலட்சம், அறுபது இலட்சத்தில் ஐந்து வீதம் அதற்கே போய்விடும். மிஞ்சுவது மூன்று. உடைந்த டைல்ஸை நான் இன்னும் எண்ணவே இல்லை.

ஒரு வருட நிலையான வைப்பு எட்டு வீதம் என்று வையுங்கள். வங்கி வட்டியில் 10 வீதத்தை வரியாக வெட்டினாலும் கையில் 7.2 வரும். இன்னொன்றும் இருக்கிறது: பெரும்போக வெள்ளாமை வெள்ளத்தில் போனால் விற்பனை, கடன் வசூல், ஸ்டோரில் நனையும் சரக்கு எல்லாம் ஒரே மாதத்தில் அடிவாங்கும். வெளியே உள்ள காசுக்கு அந்த வெள்ளம் தெரியாது.

வைப்பா, அரசாங்கம் சில மாதத் தவணைக்குக் கடன் வாங்க விற்கும் திறைசேரி உண்டியலா என்றால் கடைக்காரனுக்கு இரண்டும் தேவை. கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கொடுத்த பின்திகதி செக்குகளுக்கு வேண்டிய காசை 91 நாள் உண்டியலில் சுழற்றலாம். அவசரமென்றால் அன்றைய விலைக்கு விற்கவும் முடியும். வட்டி ஏறினால் மூன்று மாதத்தில் நமக்கும் ஏறும்: 2022 கடைசியில் உண்டியல் வட்டி 30 வீதத்தைத் தாண்டியபோது ஐந்து வருட வைப்பில் பூட்டியவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வைப்பின் நன்மை வேறு. அதை உடைத்தால் வட்டி குறையும், ஆனால் அடகு வைத்து வங்கியில் ஓவர்டிராஃப்ட் கடன் எடுக்கலாம், அறுவடைக்கு முந்திய காசு வறண்ட மாதங்களுக்கு அது போதும். அரசாங்கம் காசைப் பிடித்துவிடும் என்ற பயம் மாமாவுக்கு உண்டு. 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கி வைப்புகளையும் பொதுமக்களின் உண்டியல்களையும் தொடவில்லை, சேமலாப நிதிகளின் முறிகள் போன்றவற்றைத்தான் மாற்றினார்கள்.

மச்சாளின் பங்குச் சந்தை யோசனை தப்பில்லை, ஆனால் பாதி முதலுக்கு அல்ல. 2022 ஏப்ரலில் சந்தையையே ஒரு கிழமை மூடினார்கள். செக் திகதி அதற்காகக் காத்திருக்காது. ஐந்து வருடம் தொடாத காசு இருந்தால் பத்து இலட்சம் போடட்டும்.

ஆக என் கணக்கில் வெளியே போவது அறுபது இலட்சம், அதுவும் ஒரேயடியாக இல்லை. டைல்ஸை மறுபடி வாங்காமல், விற்க விற்க இரண்டரை வருடத்தில் எடுப்பது. மாமாவுக்குப் பொறுமை இல்லாமல் சீமெந்துக் காசில் கைவைத்தால் அது உடனே தெரியும்: மாதக் கடைசியில் ஓவர்டிராஃப்ட் ஏறும், லொறி பாதிச் சுமையோடு வரும். அப்படி வந்தால் எடுத்தது அதிகம், ஒரு வைப்பைத் திருப்பிக் கடைக்குள் போடவேண்டியதுதான்.

மாமி நிதிக் கம்பெனியில் இரண்டு வீதம் கூடத் தருகிறார்கள் என்று கேட்டார். வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். அவர் பெயரில் பத்து இலட்சம், அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.